அனுமதி கிடைத்தும் அஞ்சல் பெட்டி தெரியவில்லையே, ஏன்?

ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஒரு பகிர்வு அஞ்சல் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரி kazhagam@school.example. பேச்சுப் போட்டிக்கான அழைப்பு அந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறது. மாலை 4 மணிக்குள் பெயர்களை அனுப்ப வேண்டும். புதிய செயலாளரான படிவம் நான்கு மாணவிக்குப் பள்ளியின் கணினிப் பொறுப்பாளர் பிற்பகல் 2 மணிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் மாணவியின் அவுட்லுக் மென்பொருளில் அவளுடைய சொந்தப் பெட்டி மட்டுமே தெரிகிறது. கழகத்தின் பெட்டியைக் காணோம்.

பொறுப்பாளரின் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது, மாணவியின் திரையில் ஒன்றுமில்லை. இருவரும் சொல்வது உண்மையாக இருக்க முடியுமா? முடியும். பெட்டி ஒருவரின் திரைக்கு வந்துசேர மூன்று தனித்தனி வேலைகள் நடந்தாக வேண்டும். அவற்றை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சேவையை வைத்துப் பார்ப்போம்.

முதல் வேலை: அனுமதி

பகிர்வு அஞ்சல் பெட்டிக்குத் தனிக் கடவுச்சொல்லைப் பலரிடம் கொடுத்து வைக்கும் வழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் சொந்தக் கணக்கில் நுழைகிறார்கள். ‘இவர் இந்தப் பெட்டியைத் திறக்கலாம்’ என்ற குறிப்பு சேவையகத்தில் இருக்கும். ஒருவர் கழகத்தை விட்டு விலகினால் அவருடைய குறிப்பை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்த அனுமதி ஒரே வகை அல்ல. Full Access என்பது பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் படித்து, அடுக்கி, அழிக்கும் அனுமதி. Send As என்பது கழகத்தின் பெயரிலேயே கடிதம் அனுப்பும் அனுமதி. முதலாவது மட்டும் இருந்தால் அழைப்பைப் படிக்கலாம், ஆனால் கழகத்தின் முகவரியிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இரண்டாவது மட்டும் இருந்தால் பெட்டி திரையில் தோன்றவே தோன்றாது. ஆகவே, ‘அனுமதி கொடுத்தாயிற்று’ என்று யாராவது சொன்னால், ‘எந்த அனுமதி?’ என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது வேலை: தானாக இணைத்தல்

கதவைத் திறக்கும் சாவி கையில் இருப்பது ஒன்று, அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறொன்று. பெட்டியின் இருப்பிடத்தை அவுட்லுக்கிற்குச் சொல்லும் ஏற்பாட்டுக்கு AutoMapping என்று பெயர். பொறுப்பாளர் முழு அனுமதி கொடுக்கும்போது இந்த ஏற்பாடும் வழக்கமாகச் சேர்ந்தே நடக்கிறது. கட்டளையாக எழுதினால் இப்படி இருக்கும்:

```
Add-MailboxPermission -Identity kazhagam@school.example -User seyalalar@school.example -AccessRights FullAccess -AutoMapping $true
```

இதன் விளைவாக, கழகப் பெட்டியின் பதிவில் செயலாளரின் பெயர் ஓர் இணைப்பாக எழுதப்படுகிறது. கணினியில் நிறுவப்பட்ட வழக்கமான அவுட்லுக், Autodiscover என்ற சேவையிடம் ‘இந்தப் பயனருக்கு நான் எந்தெந்தப் பெட்டிகளைக் காட்ட வேண்டும்?’ என்று கேட்கிறது. இணைப்பு எழுதப்பட்டிருந்தால், வரும் பதிலில் AlternativeMailbox என்ற பகுதிக்குள் கழகத்தின் முகவரியும் இருக்கும். அவுட்லுக் அதைப் படித்துப் பெட்டியை இடப்பக்கப் பட்டியலில் சேர்க்கிறது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. செயற்குழுவில் பத்துப் பேர் இருந்தால், ஒவ்வொருவராகச் சேர்க்காமல், ஒரு குழுவை உருவாக்கி அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுப்பது எளிதாகத் தோன்றும். அனுமதி எல்லாருக்கும் கிடைக்கும், அதில் குறையில்லை. ஆனால் தானாக இணைக்கும் இணைப்பு தனிநபரின் பெயருக்குத்தான் எழுதப்படும், குழுவின் உறுப்பினர்களுக்கு எழுதப்படாது. அதனால் பத்துப் பேரும் பெட்டியைத் திறக்க முடியும், ஆனால் ஒருவர் திரையிலும் அது தானாக வராது. எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது.

கைப்பேசியில் இருக்கும் அவுட்லுக்கிலும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் இந்தத் தானியங்கி இணைப்பை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பகிர்வுப் பெட்டியை நாமே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வேலை: செய்தி பரவுதல்

பயனர்களைப் பற்றிய பதிவுகள் ஒரே கணினியில் இல்லை. பல சேவையகங்களில் அவற்றின் நகல்கள் இருக்கின்றன. ஒரு சேவையகம் பழுதானாலும் அஞ்சல் சேவை நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு. இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நகலில் செய்த மாற்றம் மற்ற நகல்களுக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை ஒரு சேவையகம் புதிய விவரத்தையும் இன்னொன்று பழைய விவரத்தையும் சொல்லும். பொறுப்பாளரும் மாணவியும் வெவ்வேறு விடைகளைக் கண்டது இதனால்தான்.

இத்துடன் இன்னொரு தாமதமும் சேர்கிறது. அவுட்லுக் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதில்லை. திறக்கும்போது ஒருமுறை கேட்கும், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை கேட்கும்.

இப்போது நம் மாணவியின் பிற்பகலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அனுமதி கொடுத்தது 2.00 மணி. அவசரத்தில் அவள் 2.05க்கு அவுட்லுக்கை மூடித் திறக்கிறாள். செய்தி இன்னும் பரவவில்லை, எனவே பழைய பதிலே வருகிறது. அடுத்த கேள்வி 3.05க்குத்தான். செய்தி 2.30க்கே வந்துசேர்ந்திருந்தாலும், அவுட்லுக் அதை அறியாமல் இன்னும் 35 நிமிடம் இருக்கும். 2.30க்குப் பிறகு ஒருமுறை மூடித் திறந்திருந்தால் பெட்டி அப்போதே வந்திருக்கும்.

இந்த நேரத்தில் பொறுப்பாளர் பொறுமையிழந்து, அனுமதியை நீக்கி மறுபடியும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். நீக்கிய செய்தியும் கொடுத்த செய்தியும் ஒவ்வொன்றாகப் பரவ வேண்டும். காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கிவிடும்.

எங்கே தடை என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சிறிய சோதனை போதும். உலாவியில் தன் கணக்கில் நுழைந்து, வலது மேல் மூலையில் உள்ள தன் படத்தைச் சொடுக்கி, Open another mailbox என்பதைத் தேர்ந்தெடுத்து, கழகத்தின் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். இது தானாக இணைக்கும் ஏற்பாட்டைச் சார்ந்தது அல்ல, அனுமதியை மட்டுமே சோதிக்கிறது.

பெட்டி திறக்கவில்லை என்றால், அனுமதி தவறாக இருக்கலாம் அல்லது இன்னும் பரவாமல் இருக்கலாம். அனுமதி கொடுத்து ஒரு மணி நேரம் ஆகாவிட்டால் காத்திருப்பதே சரி. அதற்கு மேலும் திறக்கவில்லை என்றால் அனுமதிப் பட்டியலைப் பொறுப்பாளர் மறுபடி பார்க்க வேண்டும்.

பெட்டி திறந்தால், அனுமதி வந்துவிட்டது. இப்போது அவுட்லுக்கை மூடித் திறக்கலாம். அப்போதும், மேலும் ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால், குறை இணைப்பில் இருக்கிறது. அனுமதி குழு வழியாகக் கொடுக்கப்பட்டதா, அல்லது $false என்று கட்டளையில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் மட்டும் தனிநபர் பெயருக்கு மறுபடி அனுமதி கொடுப்பது பொருத்தமான தீர்வாகும்.

இந்தச் சோதனையில் மாணவிக்கு இன்னொரு பயனும் உண்டு. உலாவியில் பெட்டி திறந்துவிட்டால், அவுட்லுக்கில் தோன்றும்வரை அவள் காத்திருக்கத் தேவையில்லை. Send As அனுமதியும் இருக்குமானால், அங்கிருந்தே கழகத்தின் பெயரில் போட்டியாளர்களின் பட்டியலை 4 மணிக்குள் அனுப்பிவிடலாம்.

தாமதம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். பழைய செயலாளரின் அனுமதியை நீக்கிய பிறகும் அவருடைய திரையில் பெட்டியின் பெயர் சிறிது நேரம் தெரியலாம். பெயர் தெரிகிறது என்பதால் அவருக்கு இன்னும் அனுமதி இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது, பெயர் தெரியவில்லை என்பதால் அனுமதி நீங்கிவிட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. அதை உறுதிசெய்ய, சேவையகத்தில் உள்ள அனுமதிப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.