அப்பாவின் பிறந்தநாளில் அம்மாவுக்கு என்ன எழுதுவது?

அப்பாவின் திதி அன்று என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சடங்கு இருக்கிறது, சமையல் இருக்கிறது, உறவினர்கள் வருகிறார்கள். அவருடைய பிறந்தநாளுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. 'நாமே எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்' என்று பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அம்மா மறந்திருக்கவே மாட்டார். தன்னைத் தவிர யாருக்கும் அந்த நாள் நினைவில்லையோ என்ற எண்ணம்தான் அவரை அதிகமாக வாட்டும்.

இறந்தவரை விட்டு மனம் விலகினால்தான் துக்கம் ஆறும் என்று உளவியலில் நெடுங்காலம் நம்பப்பட்டது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த நூல் அதற்கு மாறானதைச் சொன்னது. இறந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்றது. ஆகவே அப்பாவைப் பற்றித் தயங்காமல் பேசலாம். எதைப் பேசுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

வெளியூரில் இருக்கும் மகள், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இப்படி எழுதலாம்:

"அம்மா, இன்னைக்கு அப்பா பிறந்தநாள். காலையில காபி போடும்போது அவர் ஞாபகம்தான். ரெண்டாம் டிகாஷன்னா தொடவே மாட்டாரே! இப்போ பதில் போடணும்னு இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறேன். அப்பா முதன்முதலா ஸ்கூட்டர் வாங்கின கதையைப் பசங்களுக்கு நீ சொல்லணும்."

இதில் நாளை மூடி மறைக்கவில்லை. நினைவு, மருத்துவமனையின் கடைசி நாட்களுக்குப் போகாமல் அவர் நடமாடிய சமையலறையில் நிற்கிறது. அம்மா விரும்பிச் சொல்லும் கதை ஒன்றைக் கேட்கிறது. வெறிச்சோடிப் போகக்கூடிய மாலை நேரத்துக்கு ஒரு வேலையும் தருகிறது. அம்மாவை இழந்த அப்பாவுக்கும் இது பொருந்தும். ஆனால் 'எப்படி இருக்கீங்க' என்றால் பல அப்பாக்கள் 'நல்லா இருக்கேன்' என்று முடித்துவிடுவார்கள். 'அம்மா வத்தக்குழம்புக்கு என்ன போடுவாங்கப்பா?' என்று கேளுங்கள், பேச்சு வரும்.

நள்ளிரவில் குடும்பக் குழுவில் மெழுகுவர்த்திப் படம் போடாதீர்கள். தூக்கம் வராமல் தனியாகப் படுத்திருப்பவர் கண்ணில்தான் அது முதலில் படும். 'நீங்க இல்லாம முடியலப்பா' என்று பிள்ளை எழுதினால், அம்மா தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளையைத் தேற்றுவார். 'அழாதே, தைரியமா இரு' என்பதும் வேண்டாம்.

அழுதால் செய்தி தப்பாகிவிட்டது என்று பதறவும் வேண்டாம். அழுதுவிட்டு அடுத்த கதைக்குப் போகிறாரா என்று பாருங்கள். 'அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்' என்ற இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தால், நினைவுகளைக் கிளறாமல் சும்மா உடன் இருங்கள். இறந்து ஓராண்டு கடந்தும் அன்றாடம் அதே வேதனை, வீட்டு வேலையே ஓடவில்லை என்றால், நீங்களே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.