மேருவும் நாவலும்: வானத்தின் அச்சைத் தேடிய கதை

மணிமேகலைக் காப்பியத்தின் பதிகம் ஒரு தெய்வத்தின் வரலாற்றோடு தொடங்குகிறது. அவள் பெயர் சம்பாபதி. பொன்மயமான ஒரு நெடுமலையின் உச்சியில் தோன்றியவள். அங்கிருந்து தெற்கே பெயர்ந்து வந்து, ஒரு நாவல் மரத்தின் கீழ் நின்று, அரக்கரால் நிலமகளுக்கு வந்த துயர் தீரத் தவம் செய்தாள். சோழர் துறைமுகமான பூம்புகாருக்குப் பழைய பெயர் அவளால் வந்தது. ‘சம்பு’ என்றால் நாவல்.

அந்தப் பொன்மலை மேரு. அந்த நாவல், நாம் வாழும் நிலப்பரப்புக்கே நாவலந்தீவு என்று பெயர் தந்த மரம். வடமொழியில் ஜம்புத்வீபம். கோயில்களிலும் வீடுகளிலும் செய்யும் சங்கல்பத்தில் இன்றும் ஜம்புத்வீபமும் மேருவும் வருகின்றன. மேருவுக்குத் தெற்கே உள்ள நாட்டில் இருந்துகொண்டு இந்தச் சடங்கைச் செய்கிறேன் என்று ஒருவர் தம் முகவரியைச் சொல்லும் இடம் அது.

உலகின் நடுவே ஒரு மலையோ மரமோ நிற்கிறது என்ற எண்ணம் பல நாகரிகங்களில் உண்டு. வட ஐரோப்பியர் இக்திரசில் என்ற பெருமரத்தை நட்டார்கள். பாபிலோனியர் தங்கள் நகரின் படிக்கட்டுக் கோபுரத்துக்கு எதெமேனாங்கி என்று பெயரிட்டார்கள். விண்ணுக்கும் மண்ணுக்கும் அடித்தளமான வீடு என்பது அதன் பொருள். மாயா மக்களின் அரசர் பகால் கி.பி. 683இல் இறந்தபோது, அவருடைய கல்சவப்பெட்டியின் மூடியில் அவர் உடலுக்கு மேலே உலக மரம் எழுவதாகச் செதுக்கினார்கள். ஆனால் மலையையும் மரத்தையும் ஒருங்கே வைத்து, அவற்றுக்கு அளவும் கொடுத்து, பின்னால் அந்த அளவைக் கணக்குப் போட்டுச் சோதித்தும் பார்த்த மரபு நம்முடையது. அதனால் மேருவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அளந்து வைத்த மலை

விஷ்ணு புராணத்தின் இரண்டாம் பகுதி உலகை ஒரு தாமரையாக வர்ணிக்கிறது. சுற்றியுள்ள நாடுகள் அதன் இதழ்கள். நடுவில் இருக்கும் பொகுட்டுதான் மேரு. நாம் பார்க்கும் மலைகள் அடியில் அகன்று உச்சியில் குறுகும். மேரு அப்படி இல்லை. அதன் அடி 16,000 யோசனை அகலம், உச்சி 32,000 யோசனை அகலம். தாமரைப் பொகுட்டும் அடி சிறுத்து மேலே விரிந்துதான் இருக்கும். மேரு தரைக்கு மேல் 84,000 யோசனை உயரம், தரைக்குக் கீழே 16,000 யோசனை ஆழம். ஆக மொத்தம் ஒரு லட்சம். நாவலந்தீவின் குறுக்களவும் ஒரு லட்சம் யோசனை.

இவ்வளவு பெரிய மலை சாயாமல் நிற்க வேண்டுமே! நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்தது போல் நான்கு மலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் கொடிமரம் போல ஒரு மரம்: கடம்பு, நாவல், அரசு, ஆல். தெற்கே இருக்கும் கந்தமாதன மலைமேல் நிற்பது நாவல். அதன் பழம் ஒவ்வொன்றும் யானை அளவு. பழுத்து மலைமேல் விழுந்து சிதறுகையில் அதன் சாறு ஆறாக ஓடுகிறது. அந்தச் சாறு ஊறிய கரைமண், காற்றில் காய்ந்ததும் பொன்னாகிறது.

இந்தக் கற்பனையின் தடம் தமிழில் ஒரு கடைத்தெருவில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது பொற்கடை வீதியைக் கடக்கிறான். அங்கே விற்ற நால்வகைப் பொன்னில் ஒன்றின் பெயர் சாம்பூநதம். நாவல் ஆற்றுப் பொன் என்பதே அதன் பொருள்.

தூணும் விளக்கும்

இதெல்லாம் வெறும் கதைதானே என்று கடந்துவிடத் தோன்றலாம். ஆனால் மேரு இரண்டு கேள்விகளுக்குப் பதிலாக நின்ற மலை. முதல் கேள்வி: வானம் எதைச் சுற்றுகிறது? இரவு முழுவதும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தால் விண்மீன்கள் எல்லாம் ஓர் இடத்தை நடுவாக வைத்துச் சுற்றுவது தெரியும். அந்த இடம் மட்டும் நகர்வதில்லை. சுற்றும் பொருளுக்கு அச்சு வேண்டும். பின்லாந்து மக்கள் துருவ நட்சத்திரத்தை வடக்கின் ஆணி என்றார்கள். நம்மவர்கள் அதன் நேர் கீழே ஒரு மலையை வைத்தார்கள்.

இரண்டாவது கேள்வி: இரவில் சூரியன் எங்கே போகிறது? பூமிக்கு அடியில் போகவில்லை, மேருவை வலம் வருகிறது, மலைக்கு அப்பால் போகும்போது நமக்கு மறைகிறது என்பது புராணத்தின் பதில். சூரியனுக்கு உண்மையில் உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை, கண்ணுக்குப் படுவதும் படாததுமே உண்டு என்று விஷ்ணு புராணம் தெளிவாகச் சொல்கிறது. ஓரிடத்தில் நண்பகல் என்றால் அதற்கு எதிர்ப்புறத்தில் நள்ளிரவு என்றும் சொல்கிறது.

இதை வீட்டுக் கூடத்தில் செய்து பார்க்கலாம். நடுவே ஒரு தடித்த தூண். தூணைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு பேர் நிற்கிறார்கள். ஐந்தாமவர் கையில் விளக்கோடு அவர்களுக்கு வெளிப்புறமாகத் தூணை வலம் வருகிறார். விளக்கு தூணுக்குப் பின்னால் இருக்கும் வரை ஒருவருக்கு இருட்டு. தூணின் ஓரத்திலிருந்து அது வெளிப்படும் பக்கம் அவருக்குக் கிழக்கு. நால்வருக்கும் விளக்கு வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு பக்கத்திலிருந்து வரும். ஆகவே நால்வரின் கிழக்கும் வேறு வேறு. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கிழக்கை நோக்கித் திரும்பி நின்றால், தூண் நால்வருக்கும் இடது கைப் பக்கம்தான் இருக்கும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு இடது கை வடக்கு.

எந்தத் தீவில், எந்த நாட்டில் இருப்பவருக்கும் மேரு வடக்கேதான் இருக்கும் என்று விஷ்ணு புராணம் சொல்வது இதனால்தான். பூமியில் அப்படிப்பட்ட இடம் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. சென்னையில் நின்றாலும் லண்டனில் நின்றாலும் டோக்கியோவில் நின்றாலும் வடக்கே இருப்பது வட துருவம். தட்டையான பூமியை மனத்தில் வைத்துப் பேசியவர்கள், வட துருவத்தின் முக்கியமான ஓர் இயல்பைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

எண்பது பூமி உயரம்

பிறகு பூமி உருண்டை என்று கொண்டு கணித்த வானியல் இங்கே வேரூன்றியது. கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டிய ஆரியபட்டரின் நூல் பூமியின் குறுக்களவை 1,050 யோசனை என்கிறது. இங்கேதான் சிக்கல் வருகிறது. புராண மேருவின் உயரம் 84,000 யோசனை. அதை 1,050ஆல் வகுத்தால் 80. அதாவது எண்பது பூமிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்தில் ஒரு மலை இந்த உருண்டைமேல் நிற்க வேண்டும்.

ஆரியபட்டர் மேருவை நீக்கிவிடவில்லை. அதன் உயரம் ஒரு யோசனை என்று எழுதினார். 84,000 ஒன்றாகச் சுருங்கியது. வானியலார் வகுத்த உலகில் மேரு நின்ற இடம் வட துருவம். இரவை உண்டாக்கும் வேலை அந்த மலையிடமிருந்து போய்விட்டது. பூமியின் உருண்டை வடிவமே ஒரு பாதிக்கு இரவைத் தந்துவிடுகிறது. மேருவுக்கு மிஞ்சியது அச்சின் முனையைக் காட்டும் வேலை மட்டும்.

1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரர் பழைய விளக்கத்தை நேராகவே மறுத்தார். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். பொன்மலையான மேரு குறுக்கே நின்றுதான் சூரியனை மறைக்கிறது என்றால், அந்த மலை ஏன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை? மேரு வடக்கே இருக்கிறது என்றால், ஆண்டில் பாதி நாள் சூரியன் ஏன் தென்கிழக்கில் உதிக்கிறது? மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் எவருக்கும் இரண்டாவது கேள்வியின் நியாயம் விளங்கும். மலைக்குப் பின்னாலிருந்து வரும் சூரியன் மலை இருக்கும் பக்கத்திலிருந்துதானே வெளிப்பட வேண்டும்?

பழைய கருத்து ஒன்று புதிய கணக்கில் கச்சிதமாகப் பொருந்தவும் செய்தது. மேருவின் உச்சியில் வாழும் தேவர்களுக்கு நம்முடைய ஓராண்டு ஒரு நாள் என்பது மரபு. வட துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தேவர்களின் பகல் தை முதல் ஆனி வரையிலான உத்தராயணம் என்பது வழக்கம். துருவத்தில் சூரியன் கண்ணுக்குத் தெரிவதோ மார்ச் சம இரவு நாள் முதல் செப்டம்பர் சம இரவு நாள் வரை. இரண்டுக்கும் இடையே சில மாத வேறுபாடு. சூரியன் வடக்கே திரும்பும் நாளை விடியலாகக் கொண்டது சடங்கு மரபு. சூரியன் கண்ணில் படும் நாளை விடியலாகக் கொண்டது வானியல்.

இறங்கி வந்த மேரு

வானியலில் மேரு சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் கட்டடக்கலையில் அது வளர்ந்தது. கம்போடியாவில் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அங்கோர் வாட்டின் ஐந்து கோபுரங்கள் மேருவின் சிகரங்கள். அதைச் சுற்றி ஏறத்தாழ 190 மீட்டர் அகலத்தில் நிற்கும் அகழி, உலகைச் சூழ்ந்த கடல். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தஞ்சையில் முதலாம் இராசராசன் எடுத்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் தட்சிணமேரு விடங்கர் என்ற திருமேனியின் பெயர் வருகிறது. தட்சிணமேரு என்றால் தெற்கு மேரு. எட்ட முடியாத வடக்கில் நின்ற மலையைச் சோழன் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தான். நாவல் மரமும் இங்கே இருக்கிறது. திருவானைக்காவில் சிவபெருமானின் பெயர் ஜம்புகேசுவரர், தலமரம் வெண்ணாவல்.

மேரு நின்ற திசையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மேகம் இல்லாத இரவில் மொட்டை மாடியில் வடக்கு நோக்கி நில்லுங்கள். கையை நேரே நீட்டி மடக்கினால் முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்து பாகை. சென்னையில் தொடுவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே, சுமார் 13 பாகையில், துருவ நட்சத்திரம் இருக்கும். கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் கீழே, சுமார் எட்டு பாகையில் இருக்கும். ஆரியபட்டர் காலத்தில் அந்த விண்மீன் அச்சிலிருந்து பல பாகை தள்ளி இருந்தது. இன்று அது அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. வானம் முழுவதும் நகர்ந்துகொண்டிருக்க அந்த ஓரிடம் மட்டும் நிற்பதை ஒரு மணி நேரம் பாருங்கள். சம்பாபதி புறப்பட்டு வந்த பொன்மலையை நம் முன்னோர் நிறுத்தியது அதன் கீழேதான்.