கிரி என்றால் இடதா, மலையா?

‘கிரி’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள் மலை. ஆனால், நம் பிள்ளைகளின் காதில் முதலில் விழுவது மலாய் ‘கிரி’, அதாவது இடது.

அந்தக் குழப்பத்தையே கொக்கியாக மாற்றலாம். மேரு சாலைச் சந்திப்பில் காரை இடது பக்கம் திருப்புகிறீர்கள். திருப்பின உடனே சாலை நடுவே பெரிய மலை! ‘கிரி’ பக்கம் திரும்பினால் கிரி. மேரு என்பதே ஒரு மலையின் பெயர்தானே, அதனால் படம் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இடது தனியாக, மலை தனியாக நின்றால் பயனில்லை. ஒன்றோடொன்று மோத வேண்டும். மலை சும்மா ஓரமாக நின்றால், தேர்வில் மாணவர் ‘கிரி – இடது’ என்று எழுதிவிடுவார். கொக்கி நினைவில் இருக்கிறது, பொருள் நழுவிவிட்டது. இந்தத் தவற்றைக் கண்டால் படத்தைத்தான் திருத்த வேண்டும்.

இந்த உத்தி ஆய்விலும் சோதிக்கப்பட்டதுதான். 1975இல் அட்கின்சன், ராவ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மூன்று நாளில் 120 ரஷ்யச் சொற்களைப் படித்தார்கள். படம் கட்டிப் படித்தவர்கள் 72 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்துத் திடீரென்று சோதித்தபோது 43, 28. படம் கட்டியவர்கள்தான் முன்னால். ஆனாலும் பாதிக்கு மேல் போய்விட்டது, பாருங்கள்! ஆகவே மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று பொருளை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, உத்தி எங்கே நின்றுவிடுகிறது? கட்டுரையில்தான். ‘நாங்கள் கிரி ஏறினோம்’ என்று ஒரு மாணவர் எழுதினால் பொருள் சரி, தமிழ் சரியில்லை. இன்றைய உரைநடையில் அந்தச் சொல் தனியாக வருவது அரிது. நீலகிரி, கிரிவலம் என்று இன்னொரு சொல்லோடு சேர்ந்தே வரும். இதை எந்தப் படமும் சொல்லித் தராது. படித்த வாக்கியங்கள்தான் சொல்லித் தரும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ‘நீலகிரி’ என்று படித்ததும் மலை நேராக மனத்தில் வர வேண்டும். இன்னமும் முதலில் கார், அப்புறம் இடது, அப்புறம் மலை என்று சுற்றி வந்தால் வாசிப்பு தடைபடும். அப்போது புதுக் கதை கட்டாதீர்கள். அந்தச் சொல் வரும் மூன்று வாக்கியங்களை வாசித்து, நான்காவதை நீங்களே எழுதுங்கள். கார் தானாக மறைந்துவிடும், மலை மட்டும் நிற்கும்.