குறைந்த விலைப் பஞ்சும் கூடிப்போன கழிவும்

நூற்பாலையில் மாதக் கணக்கு முடிந்ததும் ஸ்பின்னிங் மாஸ்டரின் மேசைக்கு ஒரு தாள் வரும். அதில் பஞ்சுக்கு நேராக இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று விலை மாறுபாடு, மற்றது அளவு மாறுபாடு. முதல் வரிக்குப் பஞ்சு வாங்கியவர் பதில் சொல்வார், இரண்டாவது வரிக்கு மாஸ்டர் பதில் சொல்ல வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். தன் வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்துவைக்கும் மாஸ்டருக்கு அந்தத் தாள் பாதி உண்மையைத்தான் சொல்லும். சில மாதங்களில் பொய்யையே சொல்லும். அது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோவைப் பக்கத்து ஆலை ஒன்று 40-ஆம் நம்பர் கார்டடு நூல் நூற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்களை எளிமைக்காக முழு எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு போக வேண்டும், அந்தப் பஞ்சு கிலோ என்ன விலைக்கு வர வேண்டும் என்று ஆலை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும். இதைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறார்கள். விலைக்கு அந்தப் பருவத்தின் சந்தையைப் பார்ப்பார்கள். அளவுக்கு ஆலையின் பழைய அனுபவமும், கோவையில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா போன்றவை ஆலைகளை ஆராய்ந்து தரும் அளவுகோல்களும் கைகொடுக்கும். நம் ஆலையில் ஒரு கிலோ நூலுக்கு 1.15 கிலோ பஞ்சு, கிலோ 160 ரூபாய். சந்தையில் பேசுகிற கணக்கில், 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிக்கு ஏறத்தாழ 57 ஆயிரம் ரூபாய்.

இந்த மாதம் 1,00,000 கிலோ நூல் வந்திருக்கிறது. அதற்கு 1,15,000 கிலோ பஞ்சு போயிருக்க வேண்டும், போனதோ 1,20,000 கிலோ. விலை மட்டும் நல்ல செய்தி. கிலோ 155 ரூபாய்க்கே கிடைத்துவிட்டது.

விலை மாறுபாட்டைக் காண, பயன்பட்ட 1,20,000 கிலோவை மிச்சமான 5 ரூபாயால் பெருக்குகிறோம். 6 லட்சம் ரூபாய் சாதகம். அளவு மாறுபாட்டைக் காண, கூடுதலாகப் போன 5,000 கிலோவை 160 ரூபாயால் பெருக்குகிறோம். 8 லட்சம் ரூபாய் பாதகம். இரண்டையும் சேர்த்தால் ஆலைக்கு 2 லட்சம் ரூபாய் அதிகச் செலவு. ஆகவே வாங்கியவருக்குப் பாராட்டு, மாஸ்டருக்குக் கேள்வி.

கூடுதல் பஞ்சை 155-ஆல் பெருக்காமல் 160-ஆல் ஏன் பெருக்குகிறோம்? காரணம் நியாயமானது. உற்பத்தியைப் பார்ப்பவருக்குச் சந்தை விலையில் எந்தப் பிடியும் இல்லை. பஞ்சு ஏறினாலும் இறங்கினாலும் அவர் வீணாக்கிய ஒரு கிலோ ஒரே விலையில்தான் அவர் கணக்கில் ஏற வேண்டும். அப்போதுதான் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இதன் மறுபக்கம் ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடும். வீணாய்ப்போன அந்த 5,000 கிலோவுக்கும் கிலோவுக்கு 5 ரூபாய் என்று 25,000 ரூபாய், விலை வரியின் சாதகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சு எவ்வளவு அதிகமாக வீணாகிறதோ, அவ்வளவு சிக்கனமாக வாங்கியதுபோல் கணக்கு காட்டும்.

இனி மாஸ்டர் 5,000 கிலோ எங்கே போனது என்று தேட வேண்டும். நூற்பாலையில் இது கைக்கு எட்டாத வேலை இல்லை, ஏனென்றால் கழிவை எடைபோடுகிறார்கள். ஸ்டாண்டர்டுபடி 15,000 கிலோ நூலாகாமல் போகலாம். அதில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் விழும் கழிவு 12,000 கிலோ, பின்னால் வரும் நூல் கழிவும் பெருக்கித் தள்ளுவதும் 1,000 கிலோ, எடைக்கே சிக்காமல் ஈரமாகவும் தூசியாகவும் மறைவது 2,000 கிலோ. இந்த மாதம் இவை முறையே 14,700, 1,100, 4,200 என்று இருக்கின்றன. அதாவது முன்பகுதியில் 2,700 கிலோவும், பின்பகுதியில் 100 கிலோவும், கண்ணுக்குத் தெரியாமல் 2,200 கிலோவும் கூடியிருக்கின்றன.

முதலில் அந்த 2,700-ஐப் பார்ப்போம். கழிவு கூடியதற்குப் பஞ்சில் குப்பை அதிகமாக இருந்தது காரணமாக இருக்கலாம், மெஷின் செட்டிங் நல்ல இழையையும் சேர்த்துத் தள்ளியதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒரு வழி உண்டு. புளோ ரூமுக்குக் கீழே விழுந்த கழிவில் ஒரு மாதிரியை எடுத்துக் குப்பைப் பகுப்புக் கருவியில் போட்டால், குப்பை தனியாகவும் இழை தனியாகவும் பிரிந்துவிடும். பொதியிலிருந்து எடுத்த பஞ்சையும் அதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதியில் குப்பை கூடியிருந்து, கழிவில் இழையின் பங்கு வழக்கம்போல இருந்தால் மெஷின் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. பொதியில் மாற்றமில்லாமல் கழிவில் இழை கூடியிருந்தால் கத்தி இடைவெளியையும் கார்டிங் கம்பிகளையும் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

நம் கணக்கில், புதிய லாட் பஞ்சில் குப்பை ஸ்டாண்டர்டை விட ஒரு சதவீதம் கூடுதல். 1,20,000 கிலோவில் அது 1,200 கிலோ. குப்பை தனியாக வெளியேறாது, ஏறத்தாழ தன் எடைக்குச் சமமான நல்ல இழையையும் இழுத்துக்கொண்டுதான் விழும். ஆக 2,400 கிலோ பஞ்சோடு வந்த வினை. மிச்சம் 300 கிலோவுக்கு, கழிவில் இழை அதிகமாகத் தெரிந்த இரண்டு கார்டிங் மெஷின்கள் பொறுப்பு.

கண்ணுக்குத் தெரியாத 2,200 கிலோவுக்கு ஈரப்பதப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஸ்டாண்டர்டு 8 சதவீத ஈரத்தை வைத்துப் போடப்பட்டது. பொதிகள் வந்ததோ 9.5 சதவீதத்தோடு. அந்த ஒன்றரை சதவீதம் 1,800 கிலோ. ஆலை தண்ணீரைப் பஞ்சு விலைக்கு வாங்கி, மெஷினில் ஓட்டி, காற்றில் விட்டிருக்கிறது. மீதி 400 கிலோவுக்கு விளக்கமில்லை. இப்படி ஒரு மிச்சம் நின்றால் மாத முடிவில் மெஷின்களில் நின்ற சரக்கைச் சரியாக எடுத்தார்களா என்று பார்ப்பது நல்லது. கேன்களில் இருக்கும் ஸ்லைவரையும் பாபின்களில் இருக்கும் ரோவிங்கையும் உத்தேசமாக எழுதிவிட்டால், இந்த மாதம் பாதகமாகவும் அடுத்த மாதம் அதே அளவு சாதகமாகவும் ஒரு மாறுபாடு வந்துபோகும். திரும்ப மிக்சிங்கில் போட்ட நல்ல கழிவைக் கணக்கில் வரவு வைக்க மறந்தாலும் இப்படித்தான் ஆகும். இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால் காணாமற்போகிற மாறுபாட்டுக்காக எந்தத் தொழிலாளியையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது.

இப்போது தாளைத் திருப்பி எழுதலாம். குப்பையும் ஈரமும் சேர்ந்து 4,200 கிலோ. 160 ரூபாய் வீதம் 6,72,000 ரூபாய். இது பஞ்சோடு வந்த நஷ்டம். உற்பத்திப் பிரிவு பதில் சொல்ல வேண்டியது 800 கிலோவுக்கு, அதாவது 1,28,000 ரூபாய்க்கு. 6 லட்சம் சாதகம் என்று காட்டிய அந்தக் கொள்முதல், தன் பின்விளைவையும் சேர்த்தால் 72,000 ரூபாய் பாதகம். கழிவை விற்று வரும் காசு இதில் ஒரு பங்கை ஈடுகட்டும், ஆனால் அந்த 6 லட்சம் திரும்பாது. குப்பைப் பஞ்சால் ரிங் ஃபிரேமில் இழை அறுந்து குறையும் உற்பத்தி இந்த இரண்டு வரிகளிலும் வராது. அது கூலிக் கணக்கிலும் மெஷின் நேரக் கணக்கிலும் போய் வேறு பெயரில் நிற்கும்.

இதைச் சொல்வது வாங்கியவரைக் குற்றவாளி ஆக்குவதற்காக இல்லை. விலை வரியில் சாதகம் என்று கண்டதும் மாஸ்டர் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணா, அன்னைக்கு நம்ம வழக்கமான ரகம் என்ன விலைக்குப் போச்சுங்க?" அதுவும் 155 என்றால் இறங்கியது சந்தை, பஞ்சு பழைய பஞ்சுதான், கழிவுக்கான காரணத்தை மாஸ்டர் தன் கூடத்தில் தேட வேண்டும். அது 160-இலேயே நின்று, இந்த லாட் மட்டும் 155-க்குக் கிடைத்தது என்றால், அந்த 5 ரூபாய் தரத்தில் கழித்த தொகை. பொதி ஆலைக்குள் நுழையும்போதே கழிவு எவ்வளவு கூடும் என்று கணித்துவிடலாம். கிலோ 154.40-க்கு மேல் மிச்சமில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அளவு வரியில் சாதகம் வந்தாலும் சந்தேகப்படத்தான் வேண்டும். கழிவைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது, சுத்தப்படுத்தும் மெஷின்களின் செட்டிங்கைத் தளர்த்தினால் கழிவு அன்றைக்கே குறையும். தாளில் லட்சக்கணக்கில் சாதகம் தெரியும். விழாமல் போன குப்பை நூலுக்குள் போயிருக்கும். நூலில் நெப்ஸ் எண்ணிக்கையும் ரிங் ஃபிரேமில் அறுப்பும் அதே வாரத்தில் கூடியிருந்தால் அந்தச் சாதகத்தை யாரும் கொண்டாட வேண்டாம். அது திருப்பூரில் துணியாகிச் சாயம் ஏற்றியபின் புள்ளி புள்ளியாகத் தெரிந்து, நூலுக்கான தள்ளுபடியாகத் திரும்பி வரும். அப்போது அது விற்பனைப் பிரிவின் கணக்கில் ஏறும்.

எனக்குப் பெரிய கவலை காலம்தான். பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கும். பணம் இருக்கிற ஆலை வரத்து மும்முரமான மாதங்களில் வாங்கிக் கோடவுனில் அடுக்கிவைக்கும். விலை மாறுபாட்டை வாங்கிய மாதத்திலேயே கணக்கில் எடுப்பது நல்ல வழக்கம்தான். செய்தி உடனே கிடைக்கிறது. ஆனால் ஜனவரியில் சாதகம் எழுதிய லாட் மே மாதத்தில்தான் மிக்சிங்குக்கு வரும். பாதகம் மே மாதத் தாளில் தனியாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் ஜனவரிச் சாதகம் இருக்காது. யாருக்கும் இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றாது. மாஸ்டர் மட்டும் திட்டு வாங்குவார்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை போதும். வாங்கிய தேதி, கொடுத்த விலை, அன்றைய சந்தை விலை, வந்த அன்றே எடுத்த குப்பைச் சதவீதம், ஈரச் சதவீதம். லாட்டைத் திறந்து மிக்சிங்கில் போடும் நாளில் அதே அட்டையில் புளோ ரூம் கழிவின் எடையை எழுதத் தொடங்க வேண்டும். பல லாட்டுகளைக் கலந்து ஓட்டும் ஆலையில் கழிவை லாட்வாரியாகப் பிரிக்க முடியாது. அங்கே மிக்சிங்குக்கு ஓர் அட்டை போட்டு, அதில் எந்த லாட் எத்தனை பொதி என்று எழுதிக்கொள்ளலாம். மே மாதக் கூட்டத்துக்கு மாஸ்டர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போகட்டும்.