25575: மைன்கிராஃப்ட் சர்வரில் கவனிக்கப்படாத போர்ட்

நண்பர்களோடு விளையாட மாத வாடகைக்கு ஒரு கணினியை இணையத்தில் எடுத்து, அதில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். விளையாடுகிறவர்கள் 25565 என்ற போர்ட் வழியாக உள்ளே வருவார்கள். சர்வரை வெளியிலிருந்து நிர்வகிக்க ஆர்கான் என்ற இன்னொரு வசதி உண்டு. அதன் போர்ட் 25575. அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் விளையாட்டுக்குள் நுழையாமலே யாரையும் தடை செய்யலாம், யாருக்கும் நிர்வாக உரிமை கொடுக்கலாம், சர்வரையே நிறுத்திவிடலாம்.

ஆர்கான் முதலில் அணைந்துதான் இருக்கும். வேண்டும் என்பவர்தான் `server.properties` கோப்பில் அதை இயக்க வேண்டும். பாஸ்வேர்டு காலியாக இருந்தால் அது இயங்காது. அதனால் அவசரத்துக்கு `admin123` என்று எதையாவது போட்டுவிடுகிறார்கள். தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை கொடுத்தாலும் ஆர்கான் கதவைச் சாத்துவதில்லை என்பதால், வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நிரலுக்கு அது சிறு வேலை. எனவே நீங்கள் யோசித்து வைக்காமல், கணினியையே உருவாக்கச் சொல்லுங்கள்:

```
openssl rand -hex 16
```

இது 32 எழுத்துகள் தரும். எண்களும் a முதல் f வரையுமே வருவது இங்கே நல்லது. இந்தக் கோப்பில் `\` குறிக்குத் தனிப் பொருள் உண்டு, அது பாஸ்வேர்டில் வந்தால் குழப்பம்தான்.

ஆனால் பாஸ்வேர்டு மட்டும் போதாது. ஆர்கான் அதை மறையாக்கம் செய்யாமல் அப்படியே அனுப்புகிறது. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு 32 எழுத்தும் ஒன்றுதான், நாலு எழுத்தும் ஒன்றுதான். ஆகவே அந்தப் போர்ட் வெளியுலகுக்குத் தெரியவே கூடாது. ஃபயர்வாலில் 25565-ஐயும், எஸ்எஸ்எச் நுழைவையும் மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடுங்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: டாக்கர் வெளியே காட்டும் போர்ட்டை யுஎஃப்டபிள்யூ தடுப்பதில்லை. 25575-ஐ டாக்கர் அமைப்பில் `127.0.0.1:25575:25575` என்று எழுதினால் அது அந்தக் கணினிக்குள்ளேயே நிற்கும்.

பிறகு நீங்கள் எப்படி உள்ளே போவது? எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக:

```
ssh -L 25575:127.0.0.1:25575 user@server
```

இது ஓடும்வரை, உங்கள் மடிக்கணினியின் 25575-க்கு அனுப்புவதெல்லாம் மறையாக்கப்பட்டு சர்வருக்குப் போய்ச் சேரும். மூடியது உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்க்க, சுரங்கத்தை நிறுத்திவிட்டு, மொபைல் இணையத்திலிருந்து `nc -vz` கட்டளையோடு சர்வர் முகவரியையும் 25575-ஐயும் கொடுங்கள். இணைப்பு மறுக்கப்பட வேண்டும், அல்லது பதிலே வரக்கூடாது.

சர்வர் பதிவேட்டில் `Thread RCON Client` என்ற வரியோடு தெரியாத முகவரி ஒன்று இருந்தால், யாரோ அந்தப் போர்ட்டைத் தொட்டிருக்கிறார்கள். போர்ட்டை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, சர்வரை மறுபடி தொடங்குங்கள். அதோடு `ops.json` கோப்பையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர் தனக்கு நிர்வாக உரிமை கொடுத்துக்கொண்டிருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் அவர் பெயர் அங்கேயே இருக்கும்.