ராயல்டி எதன் மீது? எல்லை யாருக்கு எதிராக?

பிரான்சைஸ் எடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது முன்பணம் எவ்வளவு என்பதைத்தான். அது ஒருமுறை கட்டுவது. கடை திறந்த பிறகு மாதாமாதம் கையில் என்ன மிஞ்சும் என்பதை ஒப்பந்தத்தில் உள்ள ராயல்டி, எல்லை என்ற இரண்டு பிரிவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் பிரான்சைஸ் தொழிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான் இதற்கும் பொருந்தும். அதனால் தகராறு வந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ராயல்டி என்பது கம்பெனியின் பெயரையும் செய்முறையையும் பயன்படுத்துவதற்கான மாதக் கட்டணம். பொதுவாக இதை லாபத்தில் கணக்கிடுவதில்லை, விற்பனையில்தான் கணக்கிடுகிறார்கள். நஷ்டம் வந்த மாதத்திலும் கட்டியாக வேண்டும்.

ஒரு டீக்கடை பிரான்சைஸைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி நீங்கலாக மாத விற்பனை 6 லட்சம். அதில் 2 லட்சம் டெலிவரி ஆப் வழியாக வருகிறது. சரக்குக்கு 2,10,000, வாடகை 60,000, சம்பளம் 1,10,000, கரண்டுக்கும் கேஸுக்கும் 35,000, இதர செலவு 26,000. ஆப் கமிஷன் 25 சதவீதம் என்றால், அதற்கான ஜிஎஸ்டியோடு 59,000. எல்லாம் போக ஒரு லட்சம் நிற்கும்.

ராயல்டி 6 சதவீதம் என்று வைத்தால் 36,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,480. சாதாரண உணவகங்கள் 5 சதவீத ஜிஎஸ்டியில் இருப்பதால் உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காது. அந்த 6,480-உம் நம் செலவுதான். ஆக 42,480 போய், மிச்சம் 57,520. கேட்கும்போது ஆறு சதவீதம்தான், ஆனால் மிஞ்சிய பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

ஆகவே சதவீதத்தைப் பேரம் பேசுவதற்கு முன், ‘மொத்த விற்பனை’ என்பதற்கு ஒப்பந்தம் என்ன விளக்கம் தருகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் ஜிஎஸ்டி, கேன்சல் ஆன ஆர்டர், நாம் ஏற்கும் ஆஃபர் தள்ளுபடி ஆகியவை அதில் சேராது என்று எழுதி வாங்க வேண்டும். ஆப் கமிஷன் கழித்த தொகைக்கு ராயல்டி என்று கேட்டுப் பார்க்கலாம். எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொள்வதில்லை. ‘குறைந்தபட்ச ராயல்டி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்பதையும் தேடுங்கள்.

எல்லைப் பிரிவில் ‘2 கிலோமீட்டருக்குள் வேறு கிளை தரமாட்டோம்’ என்று இருந்தால் நிம்மதியாகத் தோன்றும். அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் செல்லும் என்பது அடுத்த வரிகளில் இருக்கிறது. வேறு பிரான்சைஸ்காரருக்குத் தரமாட்டோம் என்று மட்டும் இருந்தால், கம்பெனி தானே பக்கத்தில் கடை போடத் தடையில்லை என்று வாதிடலாம். ரயில் நிலையம், மால், ஆஸ்பத்திரி வளாகம் ஆகியவற்றை விதிவிலக்காக எழுதுவதும் உண்டு. எல்லாவற்றையும்விட இன்று முக்கியமானது டெலிவரி. 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளையோ, கடைமுகப்பே இல்லாத கிளவுட் கிச்சனோ வந்தால் ஒப்பந்தம் மீறப்படுவதில்லை. ஆனால் ஆப்பில் உங்கள் தெருக்காரர் போடும் ஆர்டர் அங்கே போய்விடும்.

அப்படி ஒன்று வந்து நம் விற்பனை 15 சதவீதம் குறைந்து 5,10,000 ஆகிறது என்று வைப்போம். சரக்கும் ஆப் கமிஷனும் அதே விகிதத்தில் குறையும். வாடகையும் சம்பளமும் கரண்டும் குறையாது. ஒரு லட்சம் நின்ற இடத்தில் 50,350தான் நிற்கும். ராயல்டியும் வரியுமாக 36,108 கட்டினால் மிச்சம் 14,242. குறைந்தபட்ச ராயல்டி 35,000 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வரியோடு 41,300 கட்ட வேண்டும், கையில் 9,050. இதில் முதலுக்கான வட்டியும், நம் உழைப்புக்கான கூலியும் இன்னும் கழியவில்லை.

எனவே எல்லையைப் பின்கோடு பட்டியலாகவோ, வரைபடம் இணைத்தோ எழுதச் சொல்லுங்கள். கம்பெனியின் சொந்தக் கடை, கிளவுட் கிச்சன், ஆப் டெலிவரி மூன்றும் அதில் அடங்கும் என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். கம்பெனி இதற்கு ஒப்பாவிட்டால், பக்கத்துக் கிளையை முதலில் நமக்கே தர முன்வர வேண்டும், எல்லைக்குள் போட்டி வந்தால் குறைந்தபட்ச ராயல்டி ரத்தாக வேண்டும் என்ற இரண்டையாவது கேளுங்கள்.

‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார், பக்கத்துல யாருக்கும் குடுக்க மாட்டோம்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசியில், இதில் எழுதாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று ஒரு பிரிவு இருக்கும். சொன்னதை எழுத மறுக்கும் கம்பெனியிடம் முன்பணம் கட்டாதீர்கள். எழுதித் தந்தாலும், வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.