பத்தியைப் பிரித்துப் படியாக்குவது எப்படி?

அரசு ஆஸ்பத்திரிச் சுவரிலும், ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும், சில சமயம் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்படி ஒரு பத்தியைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடிக்கான நடைமுறையை, சொல்லப்படும் பாணியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்:

"நாய், பூனை கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் வராத லேசான கீறல் என்றால் தடுப்பூசி போதும். பல் பதிந்து தோல் கிழிந்திருந்தாலோ, புண்ணில் நக்கியிருந்தாலோ, கண், வாயில் எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் தேவை. ஏற்கெனவே முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, இரண்டு தவணை போதும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு லேசான கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தர வேண்டும். கடித்த நாயை 10 நாள் கவனிக்கலாம். நல்ல தோலில் நக்கினால் சிகிச்சை தேவையில்லை."

இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் கையில் ரத்தம் வழிய நிற்கிற ஒருவரால் இதைப் படித்துவிட்டு "எனக்கு என்ன?" என்று சொல்ல முடியாது. முடிவுகள் எல்லாம் இருக்கின்றன; எதை முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. இந்தப் பத்தியை 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்ற படிகளாக மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். (ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால் யாருக்குக் கடித்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுரையைப் பிறகு படிக்கலாம்.)

முதல் வேலை, பத்தியில் எவை செயல், எவை கேள்வி என்று பிரிப்பது. 'கழுவ வேண்டும்' என்பது செயல். அதற்கு நிபந்தனை கிடையாது, எல்லோருக்கும் பொது. ஆகவே அது கேள்விகளுக்கு முன்னால், படி 1 ஆகப் போய்விடுகிறது. மீதியுள்ள 'என்றால்', 'இருந்தாலோ', 'போட்டவர்களுக்கு', 'குன்றியவர்களுக்கு' என்ற சொற்களுக்குள் ஒவ்வொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 'குன்றியவர்களுக்கு' என்று முடியும்போது அது கேள்வி போலவே தெரியாது. "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற நோயோ மருந்தோ உண்டா?" என்று திருப்பிப் போட்டால்தான் தெரியும். ஒவ்வொரு கேள்வியும் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி இருக்க வேண்டும். "காயம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை வரும்.

அடுத்து 'அல்லது', 'மற்றும்'. பல் பதிந்த கடி, புண்ணில் நக்கியது, கண்ணில் எச்சில் பட்டது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். 'தாலோ, தாலோ' என்று தமிழ் அடுக்கும்போது, அவசரத்தில் படிப்பவர் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டுமோ என்று நினைத்துவிடலாம். பட்டியலில் 'இவற்றில் ஏதாவது ஒன்று உண்டா?' என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

இனி வரிசை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பத்தியில் வந்த வரிசையிலேயே கேள்விகளை இறக்கிவிடுவார்கள். பத்தி எழுதியவர் தமக்கு நினைவு வந்த வரிசையில் எழுதியிருப்பார். கேட்க வேண்டிய வரிசை வேறு. 'நல்ல தோலில் நக்கினால்' என்பது கடைசி வரி. ஆனால் அதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதற்கு 'ஆம்' என்றால் வேறு எதையும் கேட்காமல் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தலைகீழான உதாரணம், 10 நாள் கவனிப்பு. பத்தியில் அது நடுவில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. "நாய் நம்ம தெரு நாய்தான் சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு. பத்து நாள் பாத்துட்டு வந்து ஊசி போட்டுக்கட்டுமா?" என்று கேட்பவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். 'கவனிக்கலாம்' என்ற சொல்லை 'காத்திருக்கலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், கடித்த சமயத்தில் நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால் அது பெரும்பாலும் 10 நாளுக்குள் நோய்வாய்ப்பட்டுச் செத்துப்போகும். செத்த பிறகு ஊசி ஆரம்பித்தால் 10 நாள் வீணாகியிருக்கும். ஊசியை இன்றே ஆரம்பித்துவிட்டு நாயையும் கவனிப்பதுதான் முறை. நாய் நலமாக இருந்தால் மீதித் தவணைகளை மாற்றலாமா என்று மருத்துவர் பார்ப்பார். ஆகவே இந்தக் கேள்வி பட்டியலின் கடைசியில், ஊசி போட்ட பிறகு வர வேண்டும். கேள்வியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இடம் மட்டும் மாறியது. உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது பட்டியல் இப்படி வருகிறது:

1. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு 2.
2. கடித்தது நாயா, பூனையா? ஆம்: 3. இல்லை: மருத்துவர் முடிவு செய்வார்.
3. காயமில்லாத நல்ல தோலில் நக்கியது அல்லது தொட்டது மட்டும்தானா? ஆம், உறுதியாக: ஊசி தேவையில்லை, முடிந்தது. இல்லை, அல்லது தெரியாது: 4.
4. எதிர்ப்புச் சக்தி குன்றியவரா? ஆம்: முழுத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும், பிறகு 7. இல்லை: 5.
5. முன்பு எப்போதாவது முழுத் தவணையும் போட்டதற்குச் சீட்டு இருக்கிறதா? ஆம்: இன்று ஒன்று, 3ஆம் நாள் ஒன்று, இம்யூனோகுளோபுலின் வேண்டாம்; பிறகு 7. இல்லை: 6.
6. இவற்றில் ஏதாவது ஒன்று உண்டா: தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணில் நக்கியது, கண், வாய், மூக்கில் எச்சில்? ஆம், அல்லது தெரியாது: முழுத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும், பிறகு 7. இல்லை: முழுத் தடுப்பூசி மட்டும், பிறகு 7.
7. நாயைக் கண்ணில் வைத்திருக்க முடியுமா? ஆம்: ஊசியைத் தொடர்ந்துகொண்டே 10 நாள் கவனியுங்கள், நாய் நலம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லை: எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள்.

இதையே பெட்டி, சாய்சதுரம், அம்புக்குறி போட்டுப் படமாகவும் வரையலாம். எனக்கு எண்ணிட்ட பட்டியல்தான் பிடிக்கிறது. படத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்ட முடியாது. "நாலுக்குப் போ" என்று சொல்ல முடியும்.

பத்தியில் இல்லாத சில விஷயங்கள் பட்டியலுக்குள் நுழைந்திருப்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டால் இரண்டு காலுக்கும் பதில் வேண்டும்; பத்தியோ ஒரு காலை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாயோ பூனையோ இல்லையென்றால்? குரங்கு கடித்தாலும் ரேபிஸ் சிகிச்சை தேவை. எலி கடித்தால் பெரும்பாலும் தேவைப்படாது. பத்தி வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

அதேபோல் மூன்றாவது பதில், 'தெரியாது'. இரண்டு வயதுக் குழந்தை நாயோடு விளையாடியது, எங்கே நக்கியது, பல் பட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆம், இல்லை மட்டும் வைத்திருந்தால் தாய் எதையாவது ஊகித்துச் சொல்வார். ஆகவே தெரியாத பதில் எப்போதும் ஆபத்துக் குறைவான பக்கம் போகிற மாதிரி வைக்க வேண்டும்.

பத்தியின் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று மோதுகிற இடமும் உண்டு. எச்.ஐ.வி. உள்ள ஒருவர், மூன்று வருடத்துக்கு முன் முழுத் தடுப்பூசி போட்டவர். ஒரு வரியின்படி அவருக்கு இம்யூனோகுளோபுலின் வேண்டாம். இன்னொரு வரியின்படி வேண்டும். பத்தியாகப் படிக்கும்போது இந்த மோதல் கண்ணிலேயே படாது. பட்டியலில் 4 முதலில் வருமா, 5 முதலில் வருமா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நான் 4-ஐ முன்னால் வைத்திருக்கிறேன், அது பாதுகாப்பான பக்கம் என்பதால். ஆனால் இதைப் பட்டியல் போடுகிறவர் தன்னிச்சையாகத் தீர்மானிக்கக் கூடாது. விதியை எழுதியவரிடம் போய்க் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் ஆட்களை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கையில் ரத்தம் வராத ஒரு கீறல், கூடவே நாய் கண்ணில் நக்கியது: 6-இல் ஆம் வருகிறது, சரி. பல காயம் இருந்தால் கடுமையானதுதான் கணக்கு என்பதைக் கேள்வியே பார்த்துக்கொள்கிறது.

இன்னொருவர். வெளியூரில் ஆழமாகக் கடித்தது. அங்கே திங்கட்கிழமை ஒரு ஊசி போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் இருப்பில் இல்லை. சனிக்கிழமை நம் ஊருக்கு வந்து நிற்கிறார். பட்டியலின்படி 5-இல் இல்லை, 6-இல் ஆம், 'முழுத் தடுப்பூசி' என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். அது தவறு. விட்ட இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். நாள் கணக்கு கடித்த நாளிலிருந்து அல்ல, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து. அந்த நாள்தான் 0. தோலுக்குள் போடும் முறையில் தவணைகள் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. விட்டுப்போன இம்யூனோகுளோபுலினை முதல் ஊசி போட்ட 7 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்பொருளை உண்டாக்க ஆரம்பித்திருக்கும் என்பதால் தேவையில்லை. இவருக்கு சனிக்கிழமை 5ஆம் நாள், இன்னும் நேரம் இருக்கிறது. 3ஆம் நாள் ஊசி விட்டுப்போயிருந்தால் அதையும் இன்றே போடுவார்கள்.

ஆகவே 4-க்கு முன்னால் ஒரு படி செருக வேண்டும்: "இந்தக் கடிக்கு ஏற்கெனவே ஊசி ஆரம்பித்தாயிற்றா? ஆம்: சீட்டைப் பார்த்து முதல் ஊசி போட்ட தேதியைக் குறியுங்கள், மறுபடி ஆரம்பிக்காதீர்கள், 7 நாள் தாண்டவில்லை, இம்யூனோகுளோபுலின் போட வேண்டிய காயம், இன்னும் போடவில்லை என்றால் இன்றே போடுங்கள், மீதித் தவணைகளைத் தொடருங்கள்." இதில் மூன்று நிபந்தனைகள் ஒரே வரியில் குவிந்திருக்கின்றன. உண்மையில் இதையும் மூன்று கேள்வியாகப் பிரித்து, கீழேயுள்ள எண்களை எல்லாம் மாற்றி, 'பிறகு 7' என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தில் ஒரு எண்ணை விட்டால், லேசான கீறலோடு வந்தவர் தவறான படியில் போய் நிற்பார். ஆகவே புதிய படியைச் செருகியதும், முன்பு சரியாகப் போன ஆட்களையும் மறுபடி ஒருமுறை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.